வீடு விற்றதில் நட்டமா? கணக்கில் எழுதுங்கள்

செல்வி என்ற ஒரு தனியார் நிறுவன ஊழியரை எடுத்துக்கொள்வோம். 2015 ஜூன் மாதம் சென்னைப் புறநகரில் ஒரு ஃபிளாட் வாங்கினார். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து அடக்கம் 58 லட்சம் ரூபாய். அந்தப் பகுதியில் ஃபிளாட்டுகள் மளமளவென்று எழும்பியதால் விலை ஏறவில்லை. 2024 நவம்பரில் 48 லட்சத்துக்கு விற்றார். தரகருக்கு 50 ஆயிரம் போனது. ஆக, பத்தரை லட்சம் ரூபாய் நட்டம்.

இந்த இடத்தில் பலரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: "லாபம் வந்திருந்தால்தானே வரி? நட்டத்துக்கு வருமான வரி ரிட்டர்னில் என்ன வேலை?" இப்படி நினைத்து, சம்பளத்தை மட்டும் காட்டி ரிட்டர்னை முடித்துவிடுகிறார்கள். அதோடு அந்தப் பத்தரை லட்சத்துக்குச் சட்டம் கொடுக்கும் ஒரே பயனும் போய்விடுகிறது.

அந்தப் பயன் இதுதான். மூலதன நட்டத்தை, அது ஏற்பட்ட ஆண்டுக்குப் பின்வரும் எட்டு ஆண்டுகளுக்குக் கணக்கில் எடுத்துச் செல்லலாம். அந்தக் காலத்துக்குள் வேறு சொத்தை விற்று ஆதாயம் வந்தால், பழைய நட்டத்தைக் கழித்தது போக மீதிக்கு மட்டும் வரி கட்டினால் போதும். செல்வியின் நட்டம் 2024-25 நிதியாண்டைச் சேர்ந்தது. 2025-26 முதல் 2032-33 வரை வரும் ஆதாயங்களில் அதைக் கழிக்கலாம். அதற்குப் பிறகு மீதி இருந்தால் அது காலாவதி.

ஆனால் எதில் வேண்டுமானாலும் கழிக்க முடியாது. சம்பளம், கடை வருமானம், வாடகை, வங்கி வட்டி எதிலும் இந்த நட்டத்தில் ஒரு ரூபாயைக்கூடக் கழிக்க வழியில்லை. மூலதன நட்டத்தை மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. சொத்தை எப்போது விற்பது என்பது உரிமையாளர் கையில் இருக்கிறது. சம்பளத்தில் கழிக்கலாம் என்று விட்டால், வரி அதிகமாக வரும் ஆண்டு பார்த்து நட்டத்துக்கு விற்கத் தோன்றும். மேலும், நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம்தான், சம்பளத்துக்கோ 30 சதவீதம் வரை போகிறது. குறைந்த வரி உள்ள இனத்தின் நட்டத்தை அதிக வரி உள்ள இனத்தில் கழிக்கச் சட்டம் விடுவதில்லை. வீட்டுக் கடன் வட்டியால் வரும் வீட்டு வருமான நட்டம் என்பது தனிக் கணக்கு; இதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூலதன ஆதாயத்துக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. நிலத்தையோ கட்டடத்தையோ 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகாலம்; அதற்குள் விற்றால் குறுகியகாலம். குறுகியகால நட்டத்தை இரண்டு வகை ஆதாயத்திலும் கழிக்கலாம். நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். செல்வியுடையது நீண்டகால நட்டம். அவர் நாளை ஒரு மனை வாங்கி ஒரே ஆண்டில் லாபத்துக்கு விற்றால், அந்த லாபத்தில் பழைய நட்டத்தைக் கழிக்க முடியாது. அதே சமயம், நீண்டகால ஆதாயம் மனையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. நகை, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் எதில் வந்தாலும் சரி.

அடுத்த ஆண்டுகளைக் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம். 2025-26ல் செல்வி பழைய பங்கு ஃபண்டுகளை விற்று மூன்று லட்சம் நீண்டகால ஆதாயம் பெறுகிறார். இத்தகைய ஆதாயத்தில் முதல் 1.25 லட்சத்துக்கு எப்படியும் வரி இல்லை. ஆனால் நட்டத்தைக் கழிக்கும்போது அந்தச் சலுகைக்கு முன்பே, முழு மூன்று லட்சத்திலும் கழித்தாக வேண்டும். அதனால் 21,875 ரூபாய் வரியை மிச்சப்படுத்த மூன்று லட்சம் நட்டம் கரைகிறது. இந்த ஆண்டு விட்டுவிட்டுப் பெரிய ஆதாயத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் வழியில்லை. ஆதாயம் வந்த ஆண்டிலேயே கழிந்துவிடும். மிச்சம் ஏழரை லட்சம். 2027-28ல் ஒரு மனையை விற்று 12 லட்சம் நீண்டகால ஆதாயம் வருகிறது என்போம். இன்றைய விகிதமே நீடித்தால் வரி ஒன்றரை லட்சம் ஆகியிருக்கும். நட்டத்தைக் கழித்தால் நாலரை லட்சத்துக்கு 56,250 ரூபாய் மட்டும். மிச்சம் 93,750 ரூபாய்.

இனி, நட்டத்தின் தொகை. "பணவீக்கத்தைக் கணக்கிட்டால் எனக்குப் போனது இன்னும் அதிகம்" என்று செல்விக்குத் தோன்றலாம். பணவீக்கக் குறியீடு 2015-16ல் 254, 2024-25ல் 363. அதன்படி 58 லட்சம் இன்று சுமார் 83 லட்சம். நட்டம் 35 லட்சத்தைத் தாண்டும். ஆனால் 2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைகளுக்கு இந்த ஏற்றம் நட்டக் கணக்கில் செல்லாது. அதற்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறையில் 20 சதவீதம், புதிய முறையில் 12.5 சதவீதம் இரண்டில் குறைந்த வரியைக் கட்டலாம் என்ற சலுகை இருக்கிறது. அது வரித் தொகையைக் குறைக்க மட்டும் தரப்பட்டது. நட்டத்தைப் பெருக்கிக் காட்ட அல்ல. எடுத்துச் செல்லக் கூடியது பத்தரை லட்சம்தான்.

வழிகாட்டி மதிப்பையும் பார்க்க வேண்டும். பத்திரத்தில் எழுதிய விலையைவிட அரசு வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்பையே விற்பனை விலையாக வருமான வரித் துறை எடுத்துக்கொள்ளும். செல்வியின் ஃபிளாட்டுக்கு மதிப்பு 56 லட்சமாக இருந்திருந்தால், கையில் வந்தது 48 லட்சமே ஆனாலும் நட்டம் இரண்டரை லட்சமாகச் சுருங்கியிருக்கும். கிராமப்புற விவசாய நிலத்தை நட்டத்துக்கு விற்றவர்களுக்கு இந்த வழியே இல்லை; அது வரிச் சட்டத்தின் கண்ணில் மூலதனச் சொத்தே அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை, கெடு. நட்டம் வந்த ஆண்டின் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தணிக்கை தேவைப்படாத சம்பளக்காரர்களுக்கு அது பொதுவாக ஜூலை 31. தாமதமாகத் தாக்கல் செய்யும் ரிட்டர்னில், அபராதம் கட்டினாலும், இந்த நட்டத்தை எடுத்துச் செல்லும் உரிமை கிடைக்காது. தவிர்க்க முடியாத காரணம் இருந்ததென்று ஆதாரத்துடன் துறையிடம் மன்னிப்புக் கோரலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரிகள் கையில். கெடுவுக்குள் தாக்கல் செய்து, நட்டத்தை எழுத மறந்திருந்தால், திருத்தப்பட்ட ரிட்டர்ன் போடலாம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் நட்டத்தைப் பதிவு செய்ய ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

படிவமும் சரியாக இருக்க வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ITR-1ல் இதை எழுத இடமில்லை, ITR-2 வேண்டும். அதில் Schedule CG பகுதியில் விற்பனையை எழுதினால், எடுத்துச் செல்லும் தொகை Schedule CFL என்ற அட்டவணையில் வரும். ஃபிளாட் தம்பதியர் பெயரில் கூட்டாக இருந்தால், அவரவர் பங்கு நட்டத்தை அவரவர் ரிட்டர்னில் காட்ட வேண்டும். ஒருவர் நட்டத்தை மற்றவர் ஆதாயத்தில் கழிக்க முடியாது.

தாக்கல் செய்த பிறகு துறை அனுப்பும் கணக்கீட்டுக் கடிதத்தில் அந்தத் தொகை அப்படியே ஏற்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் உடனே திருத்தக் கோருங்கள். கிரயப் பத்திரங்கள், தரகு ரசீது, அந்தக் கடிதம் மூன்றையும் எட்டு ஆண்டுகள் முடியும் வரை ஒரே கோப்பில் வையுங்கள். இடையில் ஆடிட்டர் மாறினால் முதலில் காட்ட வேண்டியது அந்தக் கோப்பைத்தான். அடுத்த மனையையோ நகையையோ விற்பதற்கு முன்பு, உங்கள் பெயரில் எவ்வளவு நட்டம் மிச்சம் இருக்கிறது, அது எந்த ஆண்டோடு காலாவதி ஆகிறது என்று Schedule CFL அட்டவணையில் பார்த்துவிட்டு விற்பனைத் தேதியை முடிவு செய்யுங்கள்.