76 நாளா, 24 நாளா?

கீழ்க்கோர்ட்டில் தாக்கலாகும் பிரமாண வாக்குமூலங்களில் பெரும்பாலானவை புதிதாக எழுதப்படுபவை அல்ல. போன மாதம் வேறொரு கட்சிக்காரருக்காகத் தட்டச்சு செய்த கோப்பைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, காரணத்தைச் சொல்லும் பத்தியைப் புதிதாக எழுதிச் சேர்ப்பார்கள். இதைத் தவறென்று சொல்ல முடியாது. சட்டச் சொற்றொடர்கள் எல்லா வழக்குக்கும் பொதுவானவைதான். ஆனால் பழைய வழக்கின் ஒரு வரி தப்பித் தங்கிவிட்டால், அதுவும் நம் கட்சிக்காரர் சத்தியம் செய்து சொன்னதாகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. சந்திப்பிழையெல்லாம் அதற்குப் பிறகு.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பெயர்கள் கற்பனை. புரோநோட்டின் பேரில் 1,50,000 ரூபாய் கேட்டு ஒருவர் இரண்டு பேர் மீது வழக்குப் போடுகிறார். இரண்டாம் பிரதிவாதி சுப்பிரமணியனுக்குச் சம்மன் கிடைத்தது. வக்கீலும் வைத்தார். அதன்பின் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டதால் எதிருரை தாக்கல் செய்யவில்லை. 14.08.2023 அன்று ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியவந்ததே 05.10.2023ல்தான். தீர்ப்பாணையை ரத்து செய்யக் கோரி உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13ன் கீழ் மனுப் போட வேண்டும். கெடு 30 நாள். அது தாண்டிவிட்டதால், தாமதத்தை மன்னிக்கக் கோரிக் காலவரையறைச் சட்டம் பிரிவு 5ன் கீழ் இன்னொரு மனுவும் வேண்டும். இரண்டும் 28.11.2023ல் தாக்கலாகின்றன. நாம் பார்க்கப்போவது தாமத மனுவோடு சேரும் பிரமாண வாக்குமூலம்.

முதலில் தலைப்பு. அசல் வழக்கில் பிரதிவாதியாக இருப்பவர் இந்த மனுவில் மனுதாரர். வாதி எதிர்மனுதாரர். அதனால்தான் தலைப்பில் ‘மனுதாரர்/2ம் பிரதிவாதி’, ‘எதிர்மனுதாரர்/வாதி’ என்று இரண்டு அடையாளமும் போடுவது வழக்கம். குழப்பம் உள்ளே வரும்போதுதான். ‘வாதி எனக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்தார்’ என்று தொடங்கும் வாக்குமூலம், இரண்டு பத்தி தள்ளி ‘மனுதாரர் கடன் கொடுத்ததாகச் சொல்வது பொய்’ என்று எழுதினால், கடன் கொடுத்தவர் சுப்பிரமணியன் என்றாகிவிடும். மனுதாரர் என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அங்கே சுப்பிரமணியன் பெயரைப் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். பொருள் சரியாக வந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

பெயர் விஷயத்தில் ஆதார் அட்டையைப் பார்த்துத் திருத்தப் பலருக்குக் கை துறுதுறுக்கும். அவசரப்படக் கூடாது. வழக்குரையில் ‘மா. சுப்பிரமணி’ என்று வாதி எழுதியிருந்தால், வழக்கும் தீர்ப்பாணையும் அந்தப் பெயரில்தான் ஓடுகின்றன. தலைப்பில் நாமாகச் ‘சுப்பிரமணியன்’ என்று மாற்றினால், தீர்ப்பாணையில் இருப்பவர் வேறு, மனுப் போட்டவர் வேறு என்ற கேள்வி எழும். தலைப்பில் வழக்குரையில் உள்ளபடியே எழுதிவிட்டு, முதல் பத்தியில் ‘என் சரியான பெயர் சுப்பிரமணியன், வழக்குரையில் சுப்பிரமணி எனக் குறிக்கப்பட்ட 2ம் பிரதிவாதி நானே’ என்று ஒரு வரி சேர்ப்பதுதான் பாதுகாப்பு. அதையும் வக்கீலிடம் கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும்.

முன்னெழுத்து இன்னொரு கண்ணி. அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து ஒன்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு தமிழில் ‘ம.’ என்று ஒருவர் அடிப்பார், ‘எம்.’ என்று இன்னொருவர். அப்பா மாரியப்பன் என்றால் ‘மா.’, முருகேசன் என்றால் ‘மு.’. தகப்பனார் பெயரைப் பார்க்காமல் தமிழ் முன்னெழுத்தைப் போடவே முடியாது. ‘த/பெ’ என்ற இடத்தில் இருக்கும் பெயரும் முன்னெழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். பழைய கோப்பிலிருந்து தங்கிவிட்ட அப்பா பெயர் பலமுறை இப்படித்தான் அகப்படும்.

அடுத்தது நாள் கணக்கு. இந்த வகை வாக்குமூலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தீர்ப்பாணை தேதியான 14.08.2023ஐக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது காலவரையறைச் சட்டம். ஆகஸ்ட் 15 முதல் 31 வரை 17 நாள், செப்டம்பரில் 13 நாள், ஆக 30. கெடு 13.09.2023ல் முடிகிறது. செப்டம்பர் 14 முதல் 30 வரை 17, அக்டோபரில் 31, நவம்பரில் 28. மொத்தத் தாமதம் 76 நாள். காலண்டரை எதிரில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நம் கையில் இருக்கும் வரைவில் 24 நாள் என்று இருக்கிறது. எப்படி வந்தது? மூன்றாம் பத்தியைப் படித்தால் விடை கிடைக்கும். ‘மேற்படி வழக்கில் சம்மன் எனக்கு முறைப்படி சார்வு செய்யப்படவில்லை’ என்று ஒரு வரி. பழைய கோப்பின் மிச்சம் அது. சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பாணை தெரியவந்த நாளிலிருந்து 30 நாள் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. 05.10.2023ல் தெரிந்தது என்றால் கெடு 04.11.2023. அங்கிருந்து எண்ணினால் தாமதம் 24 நாள்தான். நம் கட்சிக்காரரோ சம்மன் வாங்கி வக்கீலும் வைத்தவர். நான்காம் பத்தியிலேயே ‘எதிருரைக்காக வழக்கு நிலுவையில் இருந்தபோது நான் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டேன்’ என்கிறார். சம்மன் வரவில்லை என்று ஒரு பத்தியும், வக்கீல் வைத்திருந்தேன் என்று அடுத்த பத்தியும் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் குறுக்கு விசாரணையில் வேறு கேள்வியே தேவைப்படாது.

இங்கே மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஓர் எல்லை உண்டு. அந்த வரியைத் தானாக அடித்துவிடக் கூடாது. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, ‘3ம் பத்தியும் 4ம் பத்தியும் மோதுகின்றன, சம்மன் சார்வானதா? ஆனால் 76 நாள்’ என்று எழுதி வக்கீலிடம் கொடுக்க வேண்டும். எது நடந்தது என்று கட்சிக்காரர் சொல்லட்டும். மொழியைத் திருத்தலாம், நடந்ததைத் திருத்தக் கூடாது.

வக்கீல் 76 என்று முடிவு செய்தபின் அந்த எண்ணைத் தேடிப் போக வேண்டும். வாக்குமூலத்தின் உள்ளே ஓரிடம், கோரிக்கைப் பத்தியில் ஓரிடம், தனியாக இருக்கும் மனுவில் ஓரிடம், டாக்கெட்டில் ஓரிடம். மூன்றில் திருத்தி ஒன்றில் 24 என்று விட்டுவிட்டால், கோர்ட்டு அலுவலகம் குறிப்பெழுதித் திருப்பிவிடும். திருப்பியதைக் குறித்த நாளுக்குள் சரிசெய்து மீண்டும் கொடுக்காவிட்டால், அந்தத் தாமதத்தை மன்னிக்க வேறொரு மனு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவையே தாமதமாகக் கொடுத்ததற்கு மன்னிப்பு!

சட்டத் தமிழில் எதிர்மறை வாக்கியங்கள் நிறைய. ‘நான் ஆஜராகாமல் போனது வேண்டுமென்றோ அலட்சியத்தினாலோ ஏற்பட்டதல்ல’ என்பது கட்டாயம் இருக்கும். வரி மடங்கும் இடத்தில் ‘அல்ல’ உதிர்ந்து ‘ஏற்பட்டது’ என்று நின்றால், சுப்பிரமணியன் தன் அலட்சியத்தைத் தானே ஒப்புக்கொண்டவர் ஆகிறார். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளுக்கு இது தெரியாது, ஏனென்றால் ‘ஏற்பட்டது’ சரியான சொல். இத்தகைய வாக்கியங்களை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் காகிதத்தில் கண் வைத்துக் கேட்பதே வழி. படிப்பவர் அர்த்தத்தை ஊகித்து ‘அல்ல’வைத் தானாகச் சேர்த்துப் படித்துவிடுவார் என்பதால், காகிதத்தைப் பார்ப்பவர் விழிப்பாக இருக்க வேண்டும். ‘நான்’ என்று தொடங்கிய வாக்கியம் நடுவில் ‘மனுதாரராகிய அவர்’ என்று நழுவுவதும் இப்படிக் கேட்கும்போதுதான் காதில் தட்டும். வாக்குமூலம் முதலிலிருந்து கடைசிவரை தன்மையில்தான் ஓட வேண்டும்.

கடைசியாகப் பத்தி எண். வரிசையாக 1, 2, 3 என்று இருப்பது பாதி வேலைதான். வரைவில் முதலில் ஏழு பத்திகள் இருந்தன. ஐந்தாவது பத்தி ‘தீர்ப்பாணை ஆனதை என் வழக்கறிஞர் சொல்லித் தெரிந்துகொண்டேன்’ என்பது. பிறகு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததையும் மருத்துவச் சான்றையும் பற்றி ஒரு பத்தி நான்குக்குப் பின் செருகப்பட்டது. கணினி எண்களைத் தானாகத் தள்ளிவிட்டது, பத்திகள் எட்டாயின. ஆனால் வாக்கியத்துக்குள் கையால் அடித்த எண்களைக் கணினி தொடாது.

இறுதியில் உள்ள சரிபார்ப்புரை இன்னமும் ‘1 முதல் 4 வரையிலும், 6, 7ம் பத்திகளிலும் உள்ளவை என் சொந்த அறிவின்படியும், 5ம் பத்தியில் உள்ளது எனக்குக் கிடைத்த தகவலின்படியும் உண்மை’ என்கிறது. இப்போது ஐந்தாம் பத்தி ஆஸ்பத்திரி. தான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததைத் தனக்கு யாரோ சொன்னார்கள் என்று சுப்பிரமணியன் சத்தியம் செய்கிறார்! வக்கீல் சொன்னதோ இப்போது அவருடைய சொந்த அறிவில் சேர்ந்துவிட்டது. எட்டாம் பத்திக்கு யாரும் பொறுப்பில்லை. தாமதக் காரணம் சொல்லும் வரியும் ‘4ம் பத்தியில் கூறிய காரணங்களால்’ என்றே நிற்கிறது. ‘4, 5ம் பத்திகளில்’ என்று மாறியிருக்க வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டளை 19 விதி 3, இடைமனுக்களில் நம்பிக்கையின் பேரில் சொல்வதை அனுமதித்தாலும், அதற்கு அடிப்படை என்ன என்று சொல்லச் சொல்கிறது. எது சொந்த அறிவு, எது கேள்விப்பட்டது என்று பிரித்துச் சரிபார்க்காத வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது என்று ஏ.கே.கே. நம்பியார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே பத்தி ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, ‘பத்தி’ என்ற சொல்லைத் தேடி, வரும் ஒவ்வோர் எண்ணையும் அந்தந்தப் பத்தியோடு ஒப்பிட வேண்டும்.

இவ்வளவும் கையெழுத்துக்கு முன்னால் முடிய வேண்டும். நோட்டரியோ உறுதிமொழி பெறும் அலுவலரோ முன்னிலையில் கையெழுத்தான பிறகு, முதல் பக்கத்தை மட்டும் உருவிப் புதிதாக அச்சிட்டுச் செருகுவது திருத்தம் ஆகாது, மோசடியாகிவிடும். சின்னப் பிழை என்றால் அடித்துத் திருத்தி, அந்த இடத்தில் வாக்குமூலம் கொடுத்தவரும் அலுவலரும் சுருக்கொப்பம் போட வேண்டும். 24ஐ 76 ஆக்குவது போன்ற பெரிய மாற்றத்துக்குப் புது வாக்குமூலமே நல்லது.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வக்கீல் அலுவலகத்தில் காட்டும் இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். முழுதாகப் படியுங்கள், படிக்க முடியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் அப்பா பெயரும் எப்படி இருக்கின்றன, எத்தனை நாள் தாமதம் என்று போட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குக் கூண்டில் ஏறி அந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்லப் போவது தட்டச்சு செய்தவர் அல்ல, நீங்கள்தான்.