சொந்த இசைத் தொகுப்பை இணையத்தில் பதிவேற்றிக் குறைந்த டேட்டாவில் கேட்டல்

தன்னிடம் உள்ள பாட்டுக் கோப்புகளை இணையச் சேவை ஒன்றில் பதிவேற்றி வைத்து, வேண்டிய இடத்தில் செல்பேசி வழியாகக் கேட்பது பதிவேற்ற முறை எனப்படும். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் கோடிக்கணக்கான பாடல்களை வைத்திருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர், ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் இருக்கும் தெருக்கூத்து ஒலிநாடாக்கள், கோயில் திருவிழாப் பதிவுகள், தாத்தா பாடிய தெலுங்குப் பாட்டு, எல்லைக்கு அப்பால் வாங்கிய பழைய கன்னடக் கேசட்டுகள் போன்றவை பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இருப்பதில்லை. அவற்றைச் செல்பேசியில் கேட்க வேண்டுமானால் நாமேதான் ஏற்ற வேண்டும்.

இந்த வசதியைப் பலருக்கும் பழக்கியது கூகுள் பிளே மியூசிக். அதில் ஒருவர் கட்டணமின்றி 50,000 பாடல்கள் வரை ஏற்ற முடிந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அந்தச் சேவை மூடப்பட்டது. பயனர்கள் தங்கள் பாடல்களை யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளக் கால அவகாசம் தரப்பட்டது. மாற்றாமல் விட்டவர்களின் தொகுப்பு பிறகு அழிக்கப்பட்டது. ஆகவே ஏற்றியபின் மூலக் கோப்புகளை அழிக்கக் கூடாது. அவற்றை ஒரு வன்தட்டில் தனியே வைத்திருக்க வேண்டும். யூடியூப் மியூசிக்கில் இப்போதைய வரம்பு 1,00,000 பாடல்கள்.

டேட்டா எப்படிச் செலவாகிறது

ஒரு பாட்டு எவ்வளவு டேட்டா எடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் பிட் வீதம், அதாவது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை பிட் என்பது. அதை எட்டால் வகுத்தால் பைட் கிடைக்கும். 320 கிலோபிட் எம்பி3 பாட்டு நொடிக்கு 40 கிலோபைட், அதாவது மணிக்கு 144 மெகாபைட் எடுக்கும். 128 கிலோபிட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 58 மெகாபைட். 48 கிலோபிட் என்றால் 22 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும்.

பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாக ஓசூர் ஆலைக்குப் பேருந்தில் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக 2 மணி, வர 2 மணி என்று வைத்தால் நாளுக்கு 4 மணி நேரம் பாட்டுக் கேட்கிறார். 320 கிலோபிட்டில் அது 576 மெகாபைட். நாளுக்கு 1.5 ஜிகாபைட் தரும் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பாட்டுக்கே போய்விடும். 128 கிலோபிட்டில் அதே 4 மணி நேரத்துக்கு 230 மெகாபைட் போதும். பேருந்து இரைச்சலில் சாதாரண இயர்போனில் கேட்பவருக்கு இவ்விரண்டின் வேறுபாடு அநேகமாகத் தெரியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. பலரும் அதே நாற்பது ஐம்பது பாடல்களைத்தான் தினமும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். செல்பேசியில் சேமிக்காத பாட்டை இருபது நாள் கேட்டால் இருபது முறை டேட்டா செலவாக வாய்ப்புண்டு. வீட்டு வைஃபையில் ஒருமுறை பதிவிறக்கி வைத்துவிட்டால் பிறகு செலவே இல்லை. தரத்தைக் குறைப்பதைவிட இதில் கிடைக்கும் மிச்சம் பெரிது.

பதிவேற்றும் முறை

ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு எடுத்த பதிவு பெரும்பாலும் வேவ் (.wav) கோப்பாக இருக்கும். 60 நிமிட நாடா ஒன்று குறுவட்டுத் தரத்தில் 635 மெகாபைட் இருக்கும். யூடியூப் மியூசிக் இந்த வடிவத்தை ஏற்காது. எம்பி3, எம்4ஏ, ஃப்ளாக், ஓஜிஜி, டபிள்யூஎம்ஏ ஆகியவற்றையே ஏற்கும். ஆகவே முதலில் மாற்ற வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல் இருந்தால் ஒரே கட்டளை போதும்:

```
ffmpeg -i koothu.wav -c:a aac -b:a 128k koothu.m4a
```

635 மெகாபைட் கோப்பு ஏறக்குறைய 58 மெகாபைட்டாகச் சுருங்கும். ஏற்கெனவே 128 கிலோபிட்டில் உள்ள எம்பி3 கோப்பை 320 ஆக மாற்றுவதில் பயனில்லை. இழந்த ஒலி திரும்பாது, அளவு மட்டும் கூடும்.

அடுத்து, கோப்பின் உள்ளே இருக்கும் பாடல் பெயர், பாடியவர், தொகுப்பு ஆகிய விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். இணையத்தில் இறக்கிய பழைய பாடல்களில் பாடியவர் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு இணையதளத்தின் பெயர் இருக்கும். அப்படியே ஏற்றினால் நூறு பாடல்களும் அந்தத் தளத்தின் பெயரிலேயே ஒன்றாகக் குவிந்துவிடும். ஏற்றுவதற்கு முன்பு எம்பி3டேக் போன்ற நிரலில் இதைத் திருத்துவது எளிது. ஒரே தொகுப்பின் பெயரைச் சில பாடல்களில் தமிழிலும் சிலவற்றில் ஆங்கில எழுத்திலும் எழுதினால் அது இரண்டு தொகுப்பாகப் பிரிந்து தெரியும்.

பதிவேற்றம் கணினி உலாவியில்தான் நடக்கும். `music.youtube.com` தளத்தில் நுழைந்து, சுயவிவரப் படத்தைச் சொடுக்கி, `Upload music` என்பதைத் தெரிவுசெய்து கோப்புகளைக் காட்ட வேண்டும். இந்த வேலையைச் செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் செய்யக் கூடாது, ஏனெனில் ஏற்றுவதும் டேட்டாவைத் தின்னும். தலா 12 மெகாபைட் அளவில் 1,200 பாடல்கள் என்றால் 14.4 ஜிகாபைட் ஆகிறது. நொடிக்கு 2 மெகாபிட் ஏற்றும் வேகமுள்ள இணைப்பில் இதற்கு 16 மணி நேரம் பிடிக்கும். அகலப்பட்டை இணைப்பில் இரவில் விட்டுவிடுவது நல்லது. ஏற்றியவை நூலகத்தில் `Uploads` என்ற பிரிவில் தெரியும். அவற்றைக் கட்டணச் சந்தாவோ விளம்பரமோ இல்லாமல் கேட்கலாம், பதிவிறக்கவும் செய்யலாம்.

செல்பேசியில்

செயலியின் அமைப்புகளில் செல்பேசி இணைப்புக்கான ஒலித்தரத்தைக் குறைத்து, வைஃபையில் மட்டும் பதிவிறக்கு என்பதை இயக்க வேண்டும். பிறகு வாரம் முழுக்கக் கேட்கும் பாடல்களை ஒரு பட்டியலாக்கி வீட்டிலேயே பதிவிறக்கலாம். உண்மையில் இறங்கியதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. விமானப் பயன்முறையை இயக்கிவிட்டுப் பாட்டை ஒலிக்கச் செய்யுங்கள். பாடினால் அது செல்பேசியில் இருக்கிறது. சூளகிரி மலைப்பக்கம் அலைவரிசை விட்டுவிட்டு வரும்போதும் அந்தப் பாட்டு நிற்காது.

சேமிக்காத பாடல்களுக்குச் செலவாகும் அளவைச் செல்பேசியின் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் செயலிவாரியாகக் காணலாம். ஒரு மணி நேரம் கேட்பதற்கு முன்பும் பின்பும் எண்ணைக் குறித்துக்கொண்டால் கணக்கு தெரிந்துவிடும். 58 மெகாபைட் எதிர்பார்த்த இடத்தில் 300 அல்லது 400 ஓடியிருந்தால், பாட்டுக்குப் பதில் காணொளி ஓடியிருக்கலாம். `Uploads` பிரிவிலிருந்து ஒலிக்காமல் தேடலில் வந்த காணொளியைத் தட்டுவதே இதற்கு வழக்கமான காரணம்.

நிறுவனத்தை நம்ப விரும்பாதவர்கள் பழைய மடிக்கணினியில் நேவிட்ரோம் என்ற இலவச மென்பொருளை நிறுவித் தாங்களே இசை வழங்கி நடத்தலாம். வீட்டில் ஃப்ளாக் கோப்பு அப்படியே இருக்க, வெளியிலிருந்து கேட்கும்போது மட்டும் அது குறைந்த பிட் வீத ஓபஸ் வடிவில் மாற்றி அனுப்பும். ஆனால் பல இணைப்புகளில் வீட்டுக்கெனத் தனிப் பொது முகவரி தரப்படுவதில்லை. அதனால் வெளியிலிருந்து நேரடியாக அந்தக் கணினியை எட்ட முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பட்ட வலையமைப்பு தேவைப்படும். மின்வெட்டு நேரத்தில் மோடம் அணைந்தால் பாட்டும் நின்றுவிடும்.