கணக்கில் ஏறாத கடிதங்கள்

2018 ஜனவரி 16. மும்பை கோட்டைப் பகுதியில் பிராடி ஹவுஸ் கட்டடத்தில் இருக்கும் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளைக்கு, வைர வியாபாரி நீரவ் மோடியோடு தொடர்புடைய சில நிறுவனங்களிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. வெளிநாட்டில் கடன் வாங்க வங்கியின் உத்தரவாதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அப்போது அந்த இருக்கையில் இருந்தவர் புதியவர். முழுத் தொகையையும் பிணையாகக் கட்டுங்கள், தருகிறோம் என்றார். இதற்கு முன்பு எதுவும் கட்டாமல்தானே வாங்கினோம் என்று பதில் வந்தது. அவர் கிளையின் பதிவுகளைப் புரட்டினார். அப்படி ஒரு கடிதம் கொடுத்ததாக எங்கும் இல்லை.

பிப்ரவரி 14 அன்று வங்கி பங்குச் சந்தைக்குத் தெரிவித்த தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். பிறகு அது 13,000 கோடியைத் தாண்டியது. பல ஆண்டுகளாக நடந்தது இது. இடையில் தணிக்கைகள் வராமல் இல்லை. வந்தவர்கள் பார்த்த புத்தகத்தில் அந்தக் கடிதங்கள் இல்லை, அவ்வளவுதான். தொடர் தணிக்கை என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியவில்லை. அது எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும் என்ற இரண்டும் இதிலேயே கிடைக்கின்றன.

முதலில் பணம் போன வழி. வெளிநாட்டிலிருந்து வைரக்கல் இறக்குமதி செய்பவருக்கு டாலர் வேண்டும். இந்தியாவில் வாங்குவதைவிட வெளிநாட்டில் வட்டி குறைவு. அதனால் அவருடைய வங்கி, ஹாங்காங் போன்ற ஊரில் உள்ள இன்னொரு இந்திய வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் அனுப்பும்: இவருக்குக் கடன் கொடுங்கள், இவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம். இதைத்தான் எல்.ஓ.யு. என்றார்கள். கடிதம் தாளில் போவதில்லை. ஸ்விஃப்ட் என்ற உலகளாவிய வங்கிச் செய்தி வலையில் போகும். அந்தப் பக்கம் இருப்பவர் அதை நம்பிப் பணத்தை விடுவார்.

கிளையின் அன்றாடக் கணக்கு முழுவதும் இருப்பது சி.பி.எஸ். என்ற மைய மென்பொருளில். யாருக்கு எவ்வளவு கடன் வரம்பு, என்ன பிணை, எத்தனை பொறுப்பு நிலுவையில் என்பதெல்லாம் அதில்தான். ஸ்விஃப்ட் கணினி அதோடு இணைக்கப்படவில்லை. செய்தி அனுப்பியவரே சி.பி.எஸ்.ஸிலும் கையால் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் செய்தி போய்விடும், பணமும் வந்துவிடும், கணக்கில் மட்டும் சுவடே இருக்காது. பழைய கடன் முதிரும்போது புதிய கடிதம் கொடுத்து, அதில் வந்த பணத்தால் பழையதை அடைத்தார்கள். அதனால் யாரும் கட்டத் தவறியதாகவும் தெரியவில்லை.

வழக்கமான தணிக்கையாளர் ஆண்டிலோ காலாண்டிலோ வந்து, நூறு பதிவுகளில் பத்தை எடுத்துப் பார்ப்பார். தொடர் தணிக்கையில் மாதிரி எடுக்கிற வேலை இல்லை. நிறுவனத்தின் கணினிகளிலிருந்து எல்லாப் பதிவுகளும் தினமும் ஒரு தனிக் கணினிக்கு வருகின்றன. அங்கே எழுதிவைத்த விதிகளோடு ஒவ்வொன்றும் ஒப்பிடப்படுகிறது. விதிக்கு ஒத்துவராதது எக்ஸெப்ஷன், அதாவது விலகல், என்று ஒரு பலகையில் ஏறுகிறது. புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் ஏ.டி.&டி. நிறுவனத்து பெல் ஆய்வகத்தில் இப்படி ஒரு அமைப்பைக் கட்டிய மிக்லோஸ் வாசர்ஹெலியும் ஃபெர்ன் ஹால்ப்பரும் 1991-லேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

பிராடி ஹவுஸ் கிளைக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால்? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சி.பி.எஸ்.ஸை மட்டும் படிக்கும் கண்காணிப்பு எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் ஒன்றையும் பிடித்திருக்காது. இருக்கிற பதிவில் உள்ள தப்பைக் கணினி எளிதாகக் காட்டும். இல்லாத பதிவைக் காட்ட, அந்தப் பதிவைப் பற்றித் தெரிந்த வேறொரு இடம் வேண்டும். எனவே எந்த விதியை எழுதுவது என்பதற்கு முன்னால், எந்தெந்தப் பட்டியல்களை எதிரெதிரே வைப்பது என்று முடிவாக வேண்டும்.

இந்த வழக்கில் மூன்று பட்டியல்கள் கிடைக்கும். ஸ்விஃப்டிலிருந்து வெளியே போன செய்திகள் ஒன்று. சி.பி.எஸ்.ஸில் பதிந்த பொறுப்புகள் இன்னொன்று. மூன்றாவது, வெளிநாட்டு வங்கியில் நம் வங்கி வைத்திருக்கும் நாஸ்ட்ரோ கணக்கு. கடன் பணம் அந்தக் கணக்கில் வரவாகித்தான் விற்பவருக்குப் போகும். கிளையில் எவ்வளவு மறைத்தாலும் மூன்றாவது பட்டியலை எழுதுவது வெளியிலுள்ள வங்கி. என்னைக் கேட்டால் தணிக்கையாளர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒரு மாலை நேரத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு கிளையிலிருந்து அன்று 60 ஸ்விஃப்ட் செய்திகள் போயிருக்கின்றன. குறிப்பு எண், தொகை, நாணயம், முதிர்வு தேதி ஆகிய நான்கையும் சி.பி.எஸ். பதிவோடு ஒப்பிட்டதில் 51 பொருந்திவிட்டன. மிச்சம் ஒன்பது பலகையில் ஏறின. ஒன்பதும் மோசடியா என்றால் இல்லை. ஐந்து, கிளையின் கணக்கை முடித்த பிறகு போனவை. மறுநாள் காலையில் பதிவு வந்ததும் தானாகவே மறைந்துவிடும். இரண்டில் குறிப்பு எண்ணைத் தட்டச்சு செய்தவர் ஓர் இலக்கத்தை மாற்றிப்போட்டிருக்கிறார். எட்டாவது கொஞ்சம் சுவாரசியமானது. குறிப்பு எண் பொருந்துகிறது, தொகை பொருந்தவில்லை. சிறு தொகைக்கு ஒரு கடன் கடிதத்தைத் திறந்து சி.பி.எஸ்.ஸில் ஒழுங்காகப் பதிந்திருக்கிறார்கள். பிறகு தொகையைப் பல மடங்கு உயர்த்தும் திருத்தச் செய்தி ஸ்விஃப்டில் மட்டும் போயிருக்கிறது. இது என் கற்பனை அல்ல. இந்த வழக்கில் சிபிஐ சொன்ன குற்றச்சாட்டுகளில் இந்த உத்தியும் ஒன்று. எண்ணை மட்டும் ஒப்பிடும் விதியாக இருந்தால் இது கண்ணில் படாமலே போயிருக்கும்.

ஒன்பதாவது செய்திக்கு சி.பி.எஸ்.ஸில் பதிவே இல்லை. முதிர்வு 365 நாள். வைர இறக்குமதிக்கு ரிசர்வ் வங்கி அனுமதித்தது 90 நாள் கடன்தான். பிராடி ஹவுஸ் கடிதங்களில் ஓராண்டுக் கெடு இருந்ததாகப் பின்னால் தெரியவந்தது. ஆகவே பதிவு இருக்கிறதா என்று பார்க்காமலே, செய்தியின் வரியைப் படித்தாலே தப்பு தெரிந்திருக்கும்.

ஆனால் செய்தியின் வரியைப் படிப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்விஃப்ட் செய்திகளுக்கு வகை எண்கள் உண்டு. உத்தரவாதத்துக்கு எம்.டி. 760. எந்தக் கட்டமும் இல்லாமல் கடிதம்போல எழுதி அனுப்ப எம்.டி. 799. விதி எழுதுபவர் 760-ஐ மட்டும் இழுத்துவந்து, 799 வெறும் பேச்சு என்று விட்டுவிட்டால், உத்தரவாதத்தை 799-இல் எழுதி அனுப்பிவிடலாம். இங்கே தொகையும் தேதியும் வாக்கியங்களுக்குள் கிடக்கும், கணினி தடுமாறும். அந்த வகையை மட்டும் ஆள் உட்கார்ந்து படிப்பதே சரி.

இனி அந்த ஒன்பதாவதை என்ன செய்வது? முதல் தவறு, அனுப்பியவரிடமே விளக்கம் கேட்பது. அவர் பதிவு தாமதமாகிவிட்டது என்பார், மாலைக்குள் பதிந்தும் விடுவார், பலகையில் விளக்கு அணைந்துவிடும். முறையானது இப்படி: விலகல் கிளைக்கு வெளியே ஒருவர் பெயரில் ஏறும். அவர் கேட்பது விளக்கம் அல்ல, தாள். வாடிக்கையாளருக்கு வரம்பு ஒப்புதல் தந்த குறிப்பு, இறக்குமதி பில், சரக்குக் கப்பலேறிய ஆவணம், பிணை வந்ததற்கான பதிவு. அதே நேரத்தில் பணம் கொடுத்த வெளிநாட்டுக் கிளைக்கு, நம்முடைய எந்தெந்தக் கடிதங்கள் உங்களிடம் நிலுவையில் உள்ளன என்று தனியாக எழுதுவார். இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டிருந்தால் பிராடி ஹவுஸ் விவகாரம் ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும்.

கிளை பிறகு பதிவு போட்டாலும் விலகல் அழியக் கூடாது. செய்தி போன நேரமும் பதிவு ஏறிய நேரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரே ஆளின் செய்திகள் மட்டும் எப்போதும் இரண்டு நாள் தாமதமாகப் பதியப்படுகின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

பலகை வைத்த நிறுவனங்களில் அது செத்துப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தொடக்கத்தில் விதிகளை இறுக்கமாக எழுதுவார்கள். நாளுக்கு நூற்றுக்கணக்கில் விலகல் வரும். பார்ப்பவர் இருவர். மூன்றாவது வாரத்தில் அவர்கள் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மூடக் கற்றுக்கொள்வார்கள். கண்டுபிடிப்பது எளிது: மூடிய நேரங்களை எடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடத்தில் எண்பது மூடப்பட்டு, எண்பதிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற ஒரே சொல் இருந்தால், யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. மருந்து, விதியைத் தளர்த்துவது அல்ல. மேலே வந்த ஐந்தைப்போல நேர வித்தியாசத்தால் வருபவற்றை ஒரு நாள் காத்திருக்க வைத்துத் தானாகத் தீர விடுவதும், மிஞ்சியவற்றைத் தொகையாலும் வயதாலும் அடுக்குவதும்தான். ஏழு நாளைத் தாண்டியது கிளை மேலாளரின் மேலதிகாரிக்குத் தானாகப் போக வேண்டும், யாரும் அனுப்பத் தேவையில்லாமல்.

நூற்றுக்கணக்கைவிட எனக்கு அதிகம் பயம் தருவது பூஜ்யம். பலகை பச்சையாக இருக்கிறது, விலகலே இல்லை. கிளை ஒழுங்காக நடக்கிறது என்று பொருளாகலாம். ஸ்விஃப்டிலிருந்து கோப்பு வருவது நின்றுபோய், முந்தாநாள் பட்டியலையே கணினி திரும்பத் திரும்ப ஒப்பிடுகிறது என்றும் பொருளாகலாம். இதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. வெளியே போகும் ஒவ்வொரு ஸ்விஃப்ட் செய்திக்கும் வரிசை எண் உண்டு. இன்று வந்த எண்கள் நேற்றைய கடைசி எண்ணிலிருந்து விடுபடாமல் தொடர்கின்றனவா என்று பார்ப்பதே முதல் விதியாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் எண் காணோம் என்றால் மற்ற விதிகளின் விடை எதையும் அன்று நம்பக் கூடாது.

ரிசர்வ் வங்கி 2016 ஆகஸ்டிலிருந்து மூன்று முறையாவது ஸ்விஃப்ட் ஆபத்தைப் பற்றி வங்கிகளை ரகசியமாக எச்சரித்ததாக, விஷயம் வெடித்த பிறகு 2018 பிப்ரவரியில் சொன்னது. சி.பி.எஸ்.ஸையும் ஸ்விஃப்டையும் நேரடியாக இணைக்க ஏப்ரல் 30 வரை கெடு வைத்தது. மார்ச் 13 அன்று எல்.ஓ.யு. முறையையே நிறுத்தியது. ஓராண்டு கழித்து, 2019 மார்ச்சில், ஸ்விஃப்ட் தொடர்பான கட்டளைகளை நேரத்தில் நிறைவேற்றாததற்காக 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இணைப்பு வந்த பிறகு, சி.பி.எஸ்.ஸில் பதிந்தால்தான் செய்தி கிளம்பும். இப்போது தணிக்கையாளரின் பட்டியலில் முதலிடம் பிடிப்பது, இணைப்பைச் சுற்றிக்கொண்டு கையால் அனுப்ப யார் யாருக்கு இன்னும் அனுமதி இருக்கிறது என்ற கேள்வி. அப்படிப் போன ஒவ்வொரு செய்தியும், தொகை எவ்வளவு சிறியதானாலும், விலகல்தான்.