3,37,600 ரூபாய் வந்தது, எந்த பில்லுக்கு?

திருப்பூரில் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு சாயப்பட்டறை முதலாளிக்கு வருகிற போன்களிலும் அவர் போடுகிற போன்களிலும் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். மறுநாள் சனிக்கிழமை, வாரச் சம்பளம் போட்டாக வேண்டும். பாய்லருக்கு விறகு இறக்கியவர் கேட்பார், சாயமும் உப்பும் கடனாகக் கொடுத்தவர் கேட்பார். பனியன் கம்பெனியிலிருந்து வரவேண்டிய தொகையை வைத்துத்தான் இவர்களுக்கெல்லாம் அவர் நாள் சொல்லியிருப்பார்.

"ஏனுங்க, பேமென்ட் போட்டாச்சுங்களா?"

"காலையிலயே போட்டாச்சுங்கண்ணா."

இந்தப் பதிலைச் சொன்ன அக்கவுண்டன்ட் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணி வரை பணம் வராது. காரணம் எளிது. பெரும்பாலான கம்பெனிக் கணக்குகளில் பணம் அனுப்புவது இரண்டு கை வேலை. ஒருவர் தொகையையும் கணக்கு எண்ணையும் ஏற்றுவார், முதலாளி ஓடிபி போட்டு அதை பாஸ் செய்வார். அக்கவுண்டன்டின் பங்கு காலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. முதலாளி கல்யாண மண்டபத்தில் இருக்கிறார், பாஸ் ஆகவில்லை. இடையில் அக்கவுண்டன்ட் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் கோரிக்கை பதிவாகிவிட்டது என்றுதான் இருக்கும். அவசரத்தில் இருப்பவர் அதைப் பணம் கிளம்பிவிட்டது என்று படிப்பார், அதை நம்பி விறகுக்காரருக்கு நாள் சொல்லிவிடுவார்.

ஆகவே உறுதிச் செய்தி அனுப்ப ஒரே ஒரு நேரம்தான் உண்டு. நம் கணக்கில் தொகை பற்று ஆகி, வங்கி யுடிஆர் எண்ணைக் கொடுத்த பிறகு. அதற்கு முன்னால் கேட்டால், "ஏத்தியாச்சுங்க, முதலாளி பாஸ் பண்ணணும், பண்ணினதும் யுடிஆர் அனுப்பறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவது மேல். அந்தப் பதிலுக்கு ஒரு முனகல் வரும். "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வராமல் போனால் வருவது வேறு மாதிரி இருக்கும்.

யுடிஆர் என்பது அந்த ஒரு பணமாற்றத்துக்கு மட்டுமே உரிய அடையாள எண். ஆர்டிஜிஎஸ் வழியே போனால் 22 எழுத்து, எண்கள் இருக்கும். ஒரு மாதிரி பார்ப்போம், இதில் உள்ள வங்கிக் குறியீடு கற்பனை:

```
ABCDR52025061300012345
```

முதல் நான்கு எழுத்து அனுப்பும் வங்கியின் குறியீடு. R ஆர்டிஜிஎஸ்ஸைக் குறிக்கும். ஓர் எண் தள்ளி வரும் 20250613 தேதி, அதாவது 2025 ஜூன் 13. மீதி எட்டும் வரிசை எண். பணம் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் சாயப்பட்டறைக்காரர் தன் வங்கிக் கிளையில் இந்த எண்ணைக் கொடுத்துத்தான் தேடச் சொல்ல முடியும். போனில் வாசித்துக் காட்டுவதோ மங்கலான படம் அனுப்புவதோ உதவாது. நகலெடுத்து ஒட்டக்கூடிய எழுத்தாக அனுப்ப வேண்டும், நடுவில் ஒரு சுழியம் விட்டுப்போனால் அந்த எண்ணுக்குப் பயனில்லை.

யுடிஆர் பணம் கிளம்பியதைச் சொல்லும். எதற்கு வந்த பணம் என்பதைச் சொல்லாது. திருப்பூர்ச் சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாயப்பட்டறை ஒரு கூட்டு நிறுவனம். பனியன் கம்பெனி கொடுத்த துணிக்குச் சாயம் போட்டுக் கொடுத்து மூன்று பில் போட்டிருக்கிறது. 118-ஆம் எண் பில்லில் கூலி 1,20,000 ரூபாய், 124-இல் 80,000, 131-இல் 1,40,000. மொத்தக் கூலி 3,40,000. அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 17,000. பில்படி வரவேண்டியது 3,57,000 ரூபாய். அவர் மனதில் இருப்பதும், லெட்ஜரில் இருப்பதும் இந்தத் தொகைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய போனில் வங்கியின் குறுஞ்செய்தி வருகிறது. வரவு 3,37,600. கம்பெனி பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, வேறு விவரம் இல்லை. பணம் வந்த நிம்மதி ஒரு நிமிடம்தான் இருக்கும். 19,400 குறைகிறதே, எதைப் பிடித்தார்கள்?

பிடித்தது இரண்டு. பில்லைத் தங்கள் கணக்கில் ஏற்றும்போது கூலியில் 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்தார்கள், 6,800 ரூபாய். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருப்பதால் 3,40,000-க்குத்தான் கணக்கு, 3,57,000-க்கு இல்லை. (தனி ஆள் நடத்தும் பட்டறை என்றால் 1 சதவீதம்தான் பிடிப்பார்கள்.) இரண்டாவது, 124-ஆம் பில்லில் ஒரு பகுதித் துணிக்கு ஷேடு சரியில்லை என்று கூலியில் 12,000-மும் அதற்கான ஜிஎஸ்டி 600-மும் குறைத்திருக்கிறார்கள். ஆக 12,600. இரண்டையும் கூட்டினால் அந்த 19,400 வந்துவிடும்.

இந்த இரண்டும் ஒரே மாதிரியான பிடித்தம் கிடையாது. 6,800 அவருடைய வருமான வரிக் கணக்கில் போய் உட்காரும். ஜூனில் பிடித்ததைக் கம்பெனி ஜூலை 7-க்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். காலாண்டு விவரம் தாக்கலானதும் அவருடைய பான் எண்ணுக்கு நேரே 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். அது கையை விட்டுப் போன பணம் இல்லை. 12,600 உண்மையாகவே போகிறது, அதைப் பற்றி அவருக்கு வாதம் இருக்கலாம். பிரித்துச் சொல்லாமல் விட்டால் பிடித்ததெல்லாம் அநியாயம் என்றுதான் அவருக்குப் படும். ஷேடு விஷயத்தை முன்கூட்டியே பேசி முடிக்காமல் பணம் போடும்போது சத்தமில்லாமல் கழித்துவிடுவது பல கம்பெனிகளில் வழக்கமாகிவிட்டது. என்னைக் கேட்டால் அது நாகரிகம் இல்லை. குறைந்தபட்சம் செய்தியிலாவது எழுதிவிட வேண்டும்.

எழுத வேண்டியது நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் அண்ணா. இன்று 13.06.2025 ஆர்டிஜிஎஸ்ஸில் ரூ.3,37,600 அனுப்பியுள்ளோம். உங்கள் கணக்கு எண் முடிவில் 4471. யுடிஆர் கீழே. பில் 118: ரூ.1,26,000. பில் 124: ரூ.84,000. பில் 131: ரூ.1,47,000. மொத்தம் ரூ.3,57,000. கழிவு: டிடிஎஸ் ரூ.6,800, பில் 124 ஷேடு குறைவுக்கு டெபிட் நோட் ரூ.12,600, நகல் இணைத்துள்ளோம். பில் 97 ரேட் பேசி முடியாததால் இதில் சேரவில்லை."

முதலாளிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒன்று, அவருடைய அக்கவுண்டன்டுக்கு மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். முதலாளிக்கு வேண்டியது தொகையும் யுடிஆரும். பில்வாரியான விவரம் தேவைப்படுவது லெட்ஜர் எழுதுபவருக்கு. டேலியில் பில்வாரியாகக் கணக்கு வைத்திருப்பவர்கள் பேமென்ட் அட்வைஸ் என்று அச்செடுத்தாலே இந்த விவரம் தாளாக வந்துவிடும். அந்த வசதி இருந்தும் அதை எடுத்து அனுப்புகிறவர்கள் குறைவு.

செய்தியின் கடைசி வரியில் உள்ள 97-ஆம் பில்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது ஏப்ரல் மாத பில், 52,500 ரூபாய், ரேட் தகராறில் நிற்கிறது. எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் 3,37,600-ஐப் போட்டிருந்தால் சாயப்பட்டறை அக்கவுண்டன்ட் என்ன செய்வார்? பழைய பாக்கியை முதலில் தீர்ப்போம் என்று 97-இல் 52,500-ஐ வரவு வைத்துவிட்டு, மிச்சத்தை 118, 124 என்று இறக்கிக்கொண்டு வருவார். 131-இல் பெரிய துண்டு விழும். கம்பெனி லெட்ஜரில் 131 தீர்ந்துவிட்டது, 97 நிற்கிறது. பட்டறை லெட்ஜரில் 97 தீர்ந்துவிட்டது, 131 நிற்கிறது. ஆறு மாதம் கழித்துக் கணக்கை ஒத்துப்பார்க்க உட்காரும்போது யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

பட்டறை அக்கவுண்டன்ட் செய்தது தவறும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு மூன்று பிரிவுகளை ஒதுக்கியிருக்கிறது. பல கடன் உள்ளவர் பணம் கொடுக்கும்போது இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், வாங்குபவர் அதை ஏற்றால் அதற்கே வரவு வைக்க வேண்டும் என்கிறது பிரிவு 59. சொல்லாமல் கொடுத்தால் வாங்குபவர் தன் விருப்பப்படி, வரவேண்டிய எந்த நியாயமான கடனுக்கும் வைத்துக்கொள்ளலாம், அந்தக் கடனுக்கு வழக்குப் போடும் காலவரம்பு கடந்திருந்தாலும்கூட. இது பிரிவு 60. இருவரும் எதையும் செய்யாவிட்டால் பழையது முதலில் தீரும் என்கிறது பிரிவு 61. வாட்ஸ்ஆப்பில் போகிற அந்த நாலு வரி 59-இன் வேலையைச் செய்கிறது.

பில் எண் முக்கியமாவதற்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. உதயம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய வேலைக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சட்டம். தாமதித்துக் கொடுத்தால் அந்தச் செலவை, உண்மையில் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரியில் கழிக்கலாம் என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்துவிட்டது. நம் கணக்கில் 118-ஆம் பில் மே 2 தேதியிட்டது, ஜூன் 13-க்கு 42 நாள் ஆகிறது. இந்தப் பணம் எந்த பில்லுக்குப் போனது என்பதைப் பொறுத்துக் கம்பெனியின் வரிக்கணக்கே மாறலாம். தணிக்கையாளர் மார்ச் மாதத்தில் கேட்பதும் இதைத்தான்.

சரி, எல்லாம் ஒழுங்காக அனுப்பியும் பணம் வரவில்லை என்றால்? ஆர்டிஜிஎஸ்ஸில் செய்தி கிடைத்த அரை மணி நேரத்துக்குள் வாங்கும் வங்கி வரவு வைத்துவிட வேண்டும். கணக்கு மூடப்பட்டது போன்ற காரணத்தால் முடியாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். என்இஎஃப்டியில் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும், தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே இரண்டு மணி நேரம் தாண்டி ஒருவர் கேட்டால், அவரிடம் "பாருங்க, வந்திருக்கும்" என்று சொல்வதற்கு முன் நம் கணக்கில் அதே தொகை திரும்ப வரவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பிய பணத்தைக் கவனிக்காமல் பழைய யுடிஆரையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார்கள், எதிர்முனையில் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்.

திரும்பாமலும், சேராமலும் போனால் அது பெரும்பாலும் தவறான கணக்கு எண். இந்தப் பணமாற்றங்களில் வாங்கும் வங்கி எண்ணை மட்டும் பார்த்துத்தான் வரவு வைக்கும், பெயரைப் பார்க்காது. தவறிய எண் வேறொருவருடையதாக இருந்தால் பணம் அவரிடம் போய்விடும். அதனால்தான் 2025 ஏப்ரலுக்குள், பணம் அனுப்புமுன் கணக்கு எண்ணுக்குரியவர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. பாஸ் செய்கிற முதலாளி அந்தப் பெயரை ஒரு முறை படித்துவிட்டு ஓடிபி போட வேண்டும். செய்தியில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் போடுவதும் இதற்காகத்தான். "இது நம்ம பழைய அக்கவுண்ட் ஆச்சே" என்று எதிர்முனையில் ஒருவர் அன்றைக்கே சொன்னால், மீட்க வழியிருக்கும்.

வாங்குபவர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. செய்தியோ ஸ்கிரீன்ஷாட்டோ வந்தது என்பதற்காக மட்டும் அடுத்த லாட் துணியை வண்டியில் ஏற்றிவிடக் கூடாது. போலியாக உருவாக்கிய படங்கள் நிறையவே சுற்றுகின்றன, தன் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். பார்த்ததும், "வந்துருச்சுங்க, 12,600-க்கு கிரெடிட் நோட் திங்கட்கிழமை அனுப்பறோம், 97-ஐப் பத்தி நேர்ல பேசலாம்" என்று ஒரு பதில் போட்டுவிட்டால் இரண்டு லெட்ஜரிலும் 97 மட்டும் நிற்கும், 52,500 ரூபாய்க்கு.