சுகர் இருக்கு, ஜிம்மும் போறீங்களா? புரோட்டீனைக் கூட்டும் முன் ஒரு யூரின் டெஸ்ட்!

சுகர் இருக்கிறவர்களுக்கு இன்று எல்லோரும் சொல்லும் அட்வைஸ் ஒன்றுதான். ‘அரிசியைக் குறைங்க, புரோட்டீனைக் கூட்டுங்க.’ அதில் தப்பில்லை. ஆனால், எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் சிக்கலே. ஜிம்மில் சேர்ந்ததும் டிரெய்னர், ‘அண்ணே, ஒரு கிலோ வெயிட்டுக்கு 2 கிராம் புரோட்டீன் போயே ஆகணும்’ என்பார். 22 வயசுப் பையனுக்குச் சொல்லும் அதே கணக்கை, பல வருடமாக சுகர் மாத்திரை போடும் 44 வயதுக்காரருக்கும் சொல்லும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

முதலில் பயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். ‘புரோட்டீன் சாப்பிட்டா கிட்னி போயிடும்’ என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. கிட்னி நல்ல நிலையில் இருக்கும் ஒருவர் கொஞ்சம் கூடுதலாகப் புரதம் எடுத்துக்கொண்டால், அதனாலேயே கிட்னி கெட்டுப்போகும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஏற்கெனவே பழுதாக ஆரம்பித்த கிட்னிக்குத்தான் அது சுமை. அது பழுதாக ஆரம்பித்தது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்னையே.

உள்ளே என்ன நடக்கிறது?

மாவுச்சத்து, கொழுப்பு மாதிரி புரதத்தை உடம்பு சேமித்து வைத்துக்கொள்ளாது. தேவைக்கு மேல் வந்ததை உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனை ஈரல் யூரியாவாக மாற்றுகிறது. அந்த யூரியாவை வெளியேற்றுவது கிட்னியின் வேலை. புரதம் அதிகமாக வந்தால், கிட்னியின் நுண்ணிய வடிகட்டிகளுக்குப் போகும் ரத்தக்குழாய் விரிந்து, வடிகட்டிக்குள் அழுத்தம் கூடுகிறது.

ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. எல்லாம் நன்றாக இருந்தால் இந்தக் கூடுதல் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால், கட்டுப்பாட்டில் இல்லாத சுகரும் இதே அழுத்தத்தைத்தான் வருடக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிபியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சில வடிகட்டிகள் பழுதானதும், மிச்சமிருப்பவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. அந்த நேரத்தில் புரதத்தை இரண்டு மடங்காக்குவது, ஆள் குறைந்த கடையில் கூட்டத்தைக் கூட்டுவது மாதிரிதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 44, எடை 78 கிலோ, சுகர் வந்து 6 வருடம். டிரெய்னர் கணக்குப்படி அவருக்கு ஒரு நாளைக்கு 156 கிராம் புரோட்டீன். அதற்காக அவர் 2 ஸ்கூப் வே புரோட்டீன் எடுக்கிறார். அதில் சுமார் 48 கிராம். 6 முட்டை வெள்ளைக்கரு, 21 கிராம். சமைத்த சிக்கன் 250 கிராம், அதில் 75 கிராம். சாதம், சாம்பார், தயிரில் ஒரு 20. மொத்தம் 164 கிராம்!

வருடாந்தர செக்கப்பில் இவருக்கு கிரியாட்டினின் 1.2 என்று வருகிறது. லேப் ரிப்போர்ட்டில் 1.3 வரை நார்மல் என்றுதான் போட்டிருக்கும். ‘கிட்னி நல்லாத்தான் இருக்கு’ என்று நிம்மதியாக இருந்துவிடுவார். ஆனால், கிட்னியின் வேலைத்திறன் கிட்டத்தட்ட பாதி குறையும் வரை கிரியாட்டினின் அந்த வரம்பைத் தாண்டாமலே இருக்கலாம்.

அவர் செய்யாமல் விட்டது யூரின் ஏ.சி.ஆர் டெஸ்ட். ஆல்புமின் என்ற புரதம் யூரினில் கசிகிறதா என்று காட்டும் டெஸ்ட் அது. 30-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 30 முதல் 300 வரை என்றால் வடிகட்டி கசிய ஆரம்பித்துவிட்டது. 300-ஐத் தாண்டினால் கசிவு அதிகம். இவருக்கு 180 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் ‘நார்மல்’ என்கிறது, யூரின் ‘இல்லை’ என்கிறது. இந்த இடத்தில் யூரினைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு தடவை கூடுதலாக வந்ததுமே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி, பெண்களுக்கு மாதவிடாய் என இவையெல்லாம் அளவைத் தற்காலிகமாக ஏற்றும். காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினைக் கொடுங்கள். 3 மாதம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால்தான் அது கிட்னி நோய்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நல்ல தசைக்கட்டு உள்ளவர், கிரியேட்டின் பவுடர் எடுப்பவர், முந்தைய இரவு நிறைய கறி சாப்பிட்டவர்... இவர்களுக்கெல்லாம் கிட்னியில் கோளாறு இல்லாமலே கிரியாட்டினின் கூடுதலாகக் காட்டலாம். அப்படி வந்தால் பதற வேண்டாம். டாக்டரிடம் எடுக்கும் பவுடர்களைச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.

இனி அவர் எவ்வளவு சாப்பிடலாம்?

சுகரோடு கிட்னி நோயும் உள்ளவர்களுக்கு, டயாலிசிஸ் இல்லாத நிலையில், ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம் என்பது பரிந்துரை. 1.3 கிராமைத் தாண்டவே கூடாது. 78 கிலோவுக்கு 0.8 என்றால் 62 கிராம். ‘அய்யோ, பட்டினி போடச் சொல்றீங்களா?’ என்று கேட்காதீர்கள். முழு முட்டை ஒன்று, பருப்போ கெட்டி சாம்பாரோ ஒன்றரை கப், சமைத்த மீன் அல்லது சிக்கன் 75 கிராம், ஒரு டம்ளர் பால் அல்லது தயிர், வழக்கமான இட்லி, சாதம். இதிலேயே 60 கிராம் வந்துவிடும். அவர் நிறுத்த வேண்டியது பவுடரையும் அந்தக் கால் கிலோ சிக்கனையும்தான். உடற்பயிற்சியை அல்ல.

ஜிம் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளைத் தானாகப் போடுவதையும் அவர் விட வேண்டும். கிட்னிக்குப் போகும் ரத்தத்தை அவை குறைக்கும். வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்திருக்கும் நாளில் இன்னும் ஆபத்து.

யாரெல்லாம் டெஸ்ட் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும்?

சுகர் அல்லது பிபி உள்ளவர்கள், ஒரே கிட்னியோடு இருப்பவர்கள், அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ கிட்னி ஃபெயிலியர் இருந்தவர்கள், கிட்னியில் கல் வந்தவர்கள். கறி, மீன் அதிகமாகும்போது யூரினில் அமிலத்தன்மை கூடி, யூரிக் ஆசிட் கல் மறுபடி வரலாம். இவர்கள் ஏ.சி.ஆர், கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துவிட்டு டயட்டை மாற்றலாம். ரிப்போர்ட்டில் கிரியாட்டினினோடு இ.ஜி.எஃப்.ஆர் என்று ஓர் எண் வரும். 60-க்குக் கீழே இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

‘வலி ஏதும் இல்லையே’ என்று காத்திருக்காதீர்கள். இந்த வகைக் கிட்னி பாதிப்பு வலிக்காது. தண்ணீர் ஊற்றிய பிறகும் போகாத யூரின் நுரை, சாயங்காலம் கால் வீக்கம், இரவில் அடிக்கடி எழுந்து போவது... இவையெல்லாம் தெரியவரும்போது பெரும்பாலும் கசிவு முற்றியிருக்கும்.

கடைசியாக ஒன்று. டயாலிசிஸில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். டயாலிசிஸில் புரதம் வெளியேறுவதால், அவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. உடல் மெலிந்த முதியவர்களும் அப்படித்தான், தாங்களாகக் குறைத்தால் தசை கரைந்து நடக்கவே சிரமப்படுவார்கள். உங்களுக்கான எண் எது என்பதை உங்கள் யூரின் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். டப்பாவை அதற்கப்புறம் திறக்கலாம்.