ஒரே கேபிளில் இரண்டாவது திரை: மின்சாரம் போதுமா?

கையடக்க மானிட்டர் வாங்குகிறவர்களை ஈர்ப்பது அந்த ஒற்றை டைப்-சி கேபிள்தான். ஒரு முனை லேப்டாப்பில், மறுமுனை மானிட்டரில். படமும் மின்சாரமும் ஒன்றாகவே வந்துவிடும். பல லேப்டாப்களில் அப்படித்தான் நடக்கிறது. சிலவற்றிலோ, தயாரிப்பாளரின் லோகோ தோன்றும், திரை அணையும், மறுபடியும் லோகோ தோன்றும், மறுபடியும் அணையும். மானிட்டர் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் லேப்டாப்பின் போர்ட்டை ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

டைப்-சி போர்ட்டுகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வெளியே கொடுக்கும் மின்சாரம் மட்டும் வேறுபடும். 5 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் கொடுத்தால் 4.5 வாட். 1.5 ஆம்பியர் என்றால் 7.5 வாட். 3 ஆம்பியர் என்றால் 15 வாட். மின்னல் குறியிட்ட தண்டர்போல்ட் 4 போர்ட் 15 வாட் கொடுத்தே ஆக வேண்டும். சாதாரண 15.6 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் குறைந்த வெளிச்சத்தில் 5 வாட்டுக்குள் ஓடிவிடும். முழு வெளிச்சத்தில் 8 முதல் 10 வாட் வரை கேட்கும். ஆகவே 7.5 வாட் போர்ட்டில்தான் குழப்பமே. அங்கே மானிட்டர் ஒழுங்காக எரியும், வெளிச்சத்தைக் கூட்டும்வரை.

லேப்டாப்பின் விவரக்குறிப்பில் ‘Power Delivery’ என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பெரும்பாலான லேப்டாப்களில் அது, அந்தப் போர்ட் வழியாக லேப்டாப்பை சார்ஜ் செய்யலாம் என்பதைத்தான் குறிக்கிறது. வெளியே எவ்வளவு கொடுக்கும் என்பது வேறு கணக்கு. ‘5V/3A output’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். படம் போகுமா என்பதற்கு ‘DisplayPort’ என்ற சொல்லோ, போர்ட்டின் பக்கத்தில் D வடிவக் குறியோ சாட்சி.

மீட்டர் எதுவும் இல்லாமலே சோதிக்கலாம். மானிட்டரோடு பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். போன் சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் படத்தைக் கடத்தும் கம்பிகளே கிடையாது. திரை எரிந்து ‘No Signal’ என்று காட்டினால் மின்சாரம் வருகிறது, படம்தான் வரவில்லை. கேபிளையோ போர்ட்டையோ மாற்றிப் பாருங்கள். படம் வந்துவிட்டால், மானிட்டரின் மெனுவில் வெளிச்சத்தை 20-க்கு இறக்கி, அங்கிருந்து இருபது இருபதாக ஏற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடங்கள் விடுங்கள். ஸ்பீக்கர் இருந்தால் பாட்டையும் சத்தமாக வையுங்கள். இதே சோதனையை லேப்டாப் பேட்டரியில் ஓடும்போதும் ஒருமுறை செய்துவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் திரை மினுக்கினாலோ அணைந்து எழுந்தாலோ, போர்ட்டின் எல்லை அதுதான்.

எண்ணாகவே பார்க்க வேண்டுமென்றால் டைப்-சி மீட்டரை இடையில் செருகலாம். மலிவான மீட்டர்கள் சில படத்தைக் கடத்தாது என்பதால், படக் கம்பிகளையும் இணைக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பாதி வெளிச்சத்தில் மீட்டர் 4.9 வோல்ட், 1.1 ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள். பெருக்கினால் ஏறக்குறைய 5.4 வாட். முழு வெளிச்சத்துக்குப் போகும்போது 1.5 ஆம்பியரைத் தொட்டதும் வோல்ட் 4.5-க்குக் கீழே சரிந்து திரை அணைகிறது. அது 7.5 வாட் போர்ட், மானிட்டருக்குப் போதவில்லை. அதே இடத்தில் 1.8 ஆம்பியர் வரை ஏறியும் வோல்ட் 4.8-இல் நின்றால் கவலையே இல்லை. நீளமான, மெல்லிய கேபிள் நல்ல போர்ட்டின் வோல்ட்டையும் வழியிலேயே இறக்கிவிடும். அதனால் கேபிளை மாற்றி இன்னொரு முறை பார்த்த பிறகே போர்ட்டைக் குறை சொல்லலாம்.

போதவில்லை என்று தெரிந்தால் மானிட்டரின் இரண்டாவது டைப்-சி துளையில் சார்ஜரை மாட்டிவிடலாம். இரண்டு துளையில் எது மின்சாரத்துக்கு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில மானிட்டர்கள், 65 வாட் சார்ஜரை அப்படி மாட்டினால், தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை லேப்டாப்புக்கு அனுப்பி அதையும் சார்ஜ் செய்யும். எச்டிஎம்ஐ வழியாகப் படம் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கேபிள் கட்டாயம். எச்டிஎம்ஐயில் மானிட்டரை ஓட்டும் அளவுக்கு மின்சாரம் வராது.

போர்ட் தாராளமாகக் கொடுத்தாலும் அந்த மின்சாரம் லேப்டாப்பின் பேட்டரியிலிருந்துதான் போகிறது. 50 வாட்-மணி பேட்டரியில், சராசரியாக 10 வாட் செலவழிக்கும் லேப்டாப் 5 மணி நேரம் ஓடும். கூடவே 8 வாட் மானிட்டரும் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்குள் காலி. வெளியூரில் இரண்டு திரையோடு உட்காருகிறவர்கள் வெளிச்சத்தை 40-இல் வைத்துக்கொள்வதும், சார்ஜரைப் பையில் போட்டுக்கொள்வதும் நல்லது.