1876 பிப்ரவரி 14: தொலைபேசி யாருடையது?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த காப்புரிமை அலுவலகத்துக்கு 1876 பிப்ரவரி 14 அன்று இரண்டு ஆவணங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, பாஸ்டன் நகரில் காது கேளாதோருக்குப் பேச்சு கற்பித்துவந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுடையது. மற்றொன்று, தந்திக் கருவிகள் செய்வதில் பெயரெடுத்திருந்த சிகாகோக்காரர் எலிஷா கிரேயுடையது. மனிதக் குரலை மின்கம்பி வழியாக அனுப்பும் முறை இரண்டிலுமே இருந்தது. ஆனால் அன்றைய தேதியில் பெல்லிடமும் பேசும் தொலைபேசி இல்லை, கிரேயிடமும் இல்லை. இருவரிடமும் இருந்தது காகிதத்தில் எழுதிய ஒரு யோசனை மட்டுமே.

இந்த நாளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை, பெல் சில மணி நேரம் முந்திக்கொண்டார், கிரே தாமதித்துக் கோட்டைவிட்டார் என்பது. அது முழு உண்மையல்ல. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, முதலில் மனு கொடுத்தவருக்கு அல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை. ஒரே நாளில் யார் காலையில் வந்தார், யார் மாலையில் வந்தார் என்பது முடிவைத் தீர்மானிக்கும் விஷயமே அல்ல. பிறகு எப்படி அது தீர்மானித்தது? குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், கம்பியில் குரலை அனுப்புவதில் என்ன சிக்கல் என்று பார்த்துவிடலாம். தந்தியில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும். அதற்கு இரண்டே நிலைகள்: உண்டு, இல்லை. 1861இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிலிப் ரைஸ் என்ற பள்ளி ஆசிரியர் காட்டிய 'டெலிஃபோன்' அந்த வழியில் இயங்கியதுதான். ஒலியில் அதிரும் சவ்வு மின்தொடர்பைச் சேர்த்துப் பிரித்தது. பாட்டின் சுருதி மறுமுனையில் கேட்டது. சொற்கள் எப்போதாவது மங்கலாகக் கேட்டன. நம்பிப் பேச முடியவில்லை. ஏனென்றால் பேச்சில் சுருதி மட்டுமல்ல, ஒலியின் ஏற்ற இறக்கமும் நுட்பமான வடிவமும் இருக்கின்றன. குழாயைத் திறந்து மூடுவதுபோல மின்சாரத்தை விட்டு நிறுத்தினால் அந்த வடிவம் சிதைந்துவிடும். திறந்த குழாயின் திருகைக் கூட்டிக் குறைப்பதுபோல, மின்னோட்டம் அறுபடாமல் குரலின் அலைக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். தொலைபேசியின் உயிர்நாடி இதுதான்.

அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்க இரண்டு வழிகள் உண்டு. காந்தத்தின் அருகே ஓர் இரும்புத் தகடு அதிர்ந்தால், சுற்றியுள்ள கம்பிச் சுருளில் அதற்கேற்ற மின்னோட்டம் தானே பிறக்கும். இது முதல் வழி. ஏற்கெனவே பாயும் மின்சாரத்தின் பாதையில் தடையைக் கூட்டிக் குறைப்பது இரண்டாவது. பெல்லின் விண்ணப்பம் பெரும்பாலும் முதல் வழியைப் பற்றியது. கிரே எழுதியது இரண்டாவது வழி: குரலில் அதிரும் சவ்வின் அடியில் ஒரு ஊசி, அதன் முனை ஒரு கிண்ணத்துத் திரவத்தில் தோய்ந்திருக்கும். ஊசி கீழே இறங்கினால் தடை குறையும், மேலே ஏறினால் கூடும்.

கிரே கொடுத்தது முழு விண்ணப்பம் அல்ல. 'கேவியட்' எனப்படும் முன்னறிவிப்பு. 'இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை' என்று ரகசியமாகப் பதிந்துவைப்பது. ஓராண்டுக்குள் வேறொருவர் அதே பொருளுக்கு விண்ணப்பித்தால், அலுவலகம் கேவியட் கொடுத்தவருக்குத் தெரிவித்து, முழு விண்ணப்பம் தர மூன்று மாதம் அவகாசம் கொடுக்க வேண்டும். அதன் பிறகு யார் உண்மையில் முந்தியவர் என்று விசாரணை நடக்கும்.

பரிசோதகர் ஸீனாஸ் வில்பர் முதலில் சட்டப்படிதான் நடந்தார். பிப்ரவரி 19 அன்று பெல்லின் விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார். பெல்லின் வழக்கறிஞர்கள் போலக்கும் பெய்லியும் உடனே ஆட்சேபித்தார்கள்: எங்கள் மனு அதே நாளில் கேவியட்டுக்கு முன்பே வந்துவிட்டது, பின்னால் வந்த கேவியட் முன்னால் வந்த மனுவைத் தடுக்க முடியாது என்றார்கள். அலுவலகத்தின் பணப் பேரேட்டைப் புரட்டினார்கள். அன்றைய பதிவுகளில் பெல்லின் கட்டணம் ஐந்தாவது, கிரேயின் கட்டணம் முப்பத்தொன்பதாவது. தடை நீங்கியது. யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற கேள்வி, யாருடைய பணம் முதலில் பேரேட்டில் ஏறியது என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது. நடந்திருக்க வேண்டிய விசாரணை நடக்கவே இல்லை. கிரேயின் வழக்கறிஞரும் போராட வேண்டாமென்றே அவருக்கு ஆலோசனை சொன்னார். ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்பும் கருவியில்தான் காசு இருக்கிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள்; கிரேயும் நம்பினார்.

அந்த மாதக் கடைசியில் பெல் வாஷிங்டனுக்குப் போய் வில்பரைச் சந்தித்தார். மோதல் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று வில்பர் தனக்குக் காட்டியதைப் பெல்லே பின்னர் ஒப்புக்கொண்டார். கேவியட் ரகசிய ஆவணம். அதன் பொருளைப் போட்டியாளருக்குக் கோடிகாட்டியதே தவறு. மார்ச் 7 அன்று 174,465 என்ற எண்ணில் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. பாஸ்டனுக்குத் திரும்பியவர் மார்ச் 10 அன்று, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் தாமஸ் வாட்சனைக் கருவி வழியாக அழைத்தார். வாட்சனுக்கு வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன. அன்று அவர் பேசிய கருவியில் இருந்தது சவ்வு, ஊசி, அமிலம் கலந்த நீர். கிரேயின் கேவியட்டில் இருந்த அதே அமைப்பு.

சந்தேகம் இங்கிருந்துதான் கிளம்பியது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் தாக்கல் செய்வதற்காக ஜார்ஜ் பிரவுன் என்பவரிடம் பெல் முன்னதாகக் கொடுத்தனுப்பிய பிரதியில் மாறும் மின்தடை பற்றிய பகுதி இல்லை. வாஷிங்டனில் தாக்கலான பிரதியில் இருந்தது. கடைசி நேரத்தில் தோன்றியதைச் சேர்த்தேன் என்பது பெல்லின் விளக்கம். பத்தாண்டு கழித்து, 1886 ஏப்ரலில், வில்பர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தார்: தான் குடிக்கு அடிமையாக இருந்ததாகவும், பெய்லியிடம் கடன்பட்டிருந்ததாகவும், கிரேயின் கேவியட்டைப் பெல்லுக்கு முழுவதுமாகக் காட்டியதாகவும், பெல் தனக்கு 100 டாலர் கொடுத்ததாகவும் சொன்னார். பெல் இதைச் சத்தியம் செய்து மறுத்தார். சில மாதங்களுக்கு முன்புதான் வில்பர் பெல்லுக்குச் சாதகமாக வேறொரு பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். இரண்டுமே சத்தியம் செய்து சொன்னவை என்பதால், எதையும் தனியாக நம்பி ஒரு தீர்ப்பு எழுத முடியாது.

பெல் தரப்பில் வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. 1875 ஜூன் 2 அன்று, தந்திச் சோதனையின்போது ஓர் உலோக நாக்கு ஒட்டிக்கொண்டது. வாட்சன் அதைச் சுண்டிவிட்டார். மின்கலத்தின் உதவியே இல்லாமல் அந்த ஒலி மறுமுனையில் பெல்லின் காதுக்கு வந்தது. அலையலையான மின்னோட்டத்தைக் காந்தமே உண்டாக்க முடியும் என்பதை அவர் அன்றே பிடித்துக்கொண்டார். அவரது காப்புரிமையின் மையம் இதுதான். இதற்கும் கிரேக்கும் சம்பந்தமில்லை. 1876 ஜூனில் பிலடெல்பியா கண்காட்சியில் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ முன்னிலையில் பெல் பேசிக் காட்டியதும் காந்தக் கருவியில்தான். திரவக் கருவியை அவர் வணிகத்துக்குக் கொண்டுவரவே இல்லை.

கிரேயின் கை வலுவிழந்ததற்கு அவரே எழுதிய ஒரு கடிதமும் காரணம். செயல்படுத்திக் காட்டாத யோசனையைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது, அதனால் அந்தப் பெருமையைத் தான் கோரவில்லை என்று 1877இல் பெல்லுக்கு எழுதினார். பின்னால் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனம் கிரேயின் உரிமைகளை வைத்துக்கொண்டு பெல் நிறுவனத்துடன் மோதியபோது அந்தக் கடிதம் அவருக்கு எதிராகவே திரும்பியது. 1879 நவம்பரில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. தொலைபேசித் தொழிலை விட்டு வெஸ்டர்ன் யூனியன் விலகியது. வாடகை வருமானத்தில் 20 சதவீதம் அதற்குக் கிடைத்தது. கிரேயின் கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

அன்டோனியோ மெயூச்சியின் கதை இதைவிட வேதனையானது. இத்தாலியின் புளோரன்ஸில் பிறந்து நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் குடியேறிய அவர், 1871 டிசம்பரிலேயே ஒலித் தந்திக்குக் கேவியட் பதிந்தார். அந்த ஆண்டுதான் ஒரு படகின் கொதிகலன் வெடித்துப் படுகாயமடைந்திருந்தார். குடும்பச் செலவுக்காக மனைவி அவரது மாதிரிக் கருவிகளைச் சில டாலருக்கு விற்க வேண்டியிருந்தது. 1874க்குப் பிறகு கேவியட்டைப் புதுப்பிக்கப் பணமில்லை. 2002 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவருடைய பணியை அங்கீகரித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கட்டணத்தை அவர் கட்டியிருந்தால் பெல்லுக்குக் காப்புரிமையே கிடைத்திருக்காது என்று அதில் இருக்கிறது. இது சரியல்ல. கேவியட் உயிரோடு இருந்திருந்தால் மெயூச்சிக்கு ஓர் அறிவிப்பும் மூன்று மாத அவகாசமும் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். மேலும், மின்காந்தம் பற்றியோ, குரல் எப்படி மின்னலையாக மாறுகிறது என்பது பற்றியோ அவருடைய கேவியட்டில் தெளிவான விளக்கம் இல்லை. 1887இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்ததன் அடிப்படையும் இதுவே. சில நாட்களிலேயே கனடா நாடாளுமன்றம் பெல்தான் கண்டுபிடிப்பாளர் என்று பதில் தீர்மானம் போட்டது. நாடாளுமன்றங்களின் வாக்கெடுப்பில் இயற்பியல் முடிவாகாது.

வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. 1888 மார்ச்சில் வந்த தீர்ப்பில் நால்வர் பெல் பக்கம், மூவர் எதிராக. அந்த மூவரும் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டேனியல் டிராபா என்ற கிராமத்து மெக்கானிக் பெல்லுக்கு முன்பே பேசும் கருவி செய்துவிட்டார் என்று நம்பினார்கள். அவருக்காக எத்தனையோ ஊர்க்காரர்கள் சாட்சி சொன்னார்கள். நாள் குறித்த காகிதம் ஒன்றும் இல்லை. தீர்ப்பின் இன்னொரு பகுதி முக்கியமானது. விண்ணப்பித்தபோது பெல்லின் கருவி பேசியிருக்க வேண்டிய அவசியமில்லை, முறையைச் செயல்படுத்தும் அளவுக்குத் தெளிவாக எழுதியிருந்தால் போதும் என்றது நீதிமன்றம். கருவி செய்தவர் யார் என்பதை அல்ல, முறையை முதலில் முழுமையாக எழுதிக் காட்டியவர் யார் என்பதையே அது பார்த்தது.

காப்புரிமைக்கு ஒரு பெயர்தான் வேண்டும். தொலைபேசிக்கோ பல கைகள் சேர்ந்தன. தொலைதூரப் பேச்சுக்கு உதவிய கரித்துண்டு ஒலிவாங்கியில்கூட எடிசனின் பங்கு பெரியது. பெல்லின் கருவி மட்டும் இருந்திருந்தால் குரல் நெடுந்தூரம் போயிருக்காது. ஒலியை மின்சாரத்துக்கு மாற்ற முடியும் என்று காட்டியவர் ரைஸ். அறுபடாத அலை மின்னோட்டம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, காந்தத்தால் அதைச் செய்தும் காட்டியவர் பெல். அது எவரிடமும் திருடியதல்ல. ஆனால் மார்ச் 10 அன்று வாட்சனை அழைத்த அந்த முதல் வாக்கியம் கிரே எழுதிவைத்த அமைப்பின் வழியாகத்தான் போனது. காப்புரிமை அலுவலகம் அன்று தன் சொந்த விதிப்படி விசாரணை நடத்தியிருந்தால், பெல்லின் பெயருக்கும் இந்தக் கறை வந்திருக்காது, கிரேக்கும் தன் பங்கு கிடைத்திருக்கும். பாடப்புத்தகத்தில் பெல்லின் பெயரை அடிக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் எலிஷா கிரேயின் பெயரையும் எழுத வேண்டும்.